முறை சொல்லிக் கூப்பிட்டான்

பதினைந்து வருஷங்களுக்கு முன்னால் காசிமேட்டு மீன்பிடி துறைமுகத்தில் நான் கண்ணால் பார்த்த ஒரு சண்டையிலிருந்து இந்தக் கட்டுரையை ஆரம்பிக்கிறேன். சண்டை என்றால் பெரிய சண்டை இல்லை. கை ஓங்குவதற்குள் சமாதானமாகிவிட்டது.

என்னுடன் எண்ணூர்க்கார சிநேகிதர் ஒருவர் வந்திருந்தார். கப்பலில் இருபது வருஷம் ஃபிட்டராக வேலை பார்த்தவர். அவர் வேலை பார்த்த கப்பல்களில் பாதிப்பேர் பிலிப்பைன்ஸ் தேசத்தவர்களாம். அவர்களோடு சாப்பிட்டு, சீட்டாடி, திட்டு வாங்கி, அவர்களுடைய தகாலோக் பாஷையை நன்றாகவே பேசக் கற்றுக்கொண்டு வந்துவிட்டார். அன்றைக்குச் சென்னைத் துறைமுகத்தில் நின்ற சரக்குக் கப்பல் ஒன்றிலிருந்து ஒரு பிலிப்பைன்ஸ் பையன் கரைக்கு இறங்கியிருந்தான். அவனுக்கு ஊரைக் காட்டுவதாகச் சொல்லி, சிநேகிதர் நேரே மீன் விற்கிற இடத்துக்கு அழைத்து வந்துவிட்டார். கடல்காரனுக்குக் கரையில் வேறு எதைக் காட்டுவது?

சங்கரா மீனைக் கூறு கட்டி வைத்துக்கொண்டு அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தாள். பையன் குனிந்து, மிகவும் பணிவாக, அவன் பாஷையில் என்னவோ கேட்டான். அவன் சொன்னதை நான் கேட்டபடியே எழுதுகிறேன்: "நாய், மக்கானோ போ இத்தோ?"

அந்த அம்மாள் காதில் விழுந்தவை இரண்டே சொற்கள். முதல் சொல் நாய். நடுவில் ஒரு போ.

"யாரைப் பாத்துடா நாய்ன்றே, கஸ்மாலம்! நாயின்னும் சொல்றான், போன்னும் சொல்றான்!" என்று அவள் எழுந்துவிட்டாள். பக்கத்துக் கூடைக்காரிகள் நாலு பேரும் எழுந்துவிட்டார்கள். பையன் முகத்தில் ரத்தமே இல்லை. சிநேகிதர் குறுக்கே பாய்ந்து, "அக்கா, அக்கா, கோவப்படாதே. அவன் உன்னை அம்மான்னு கூப்பிட்டான். அவங்க பாஷையிலே 'நாய்'ன்னா அம்மா. 'போ'ன்னா மரியாதை. 'அம்மா, இது என்ன வெலைங்க'ன்னுதான் கேட்டான்" என்றார்.

அவள் கொஞ்ச நேரம் பையனை மேலும் கீழுமாகப் பார்த்தாள். "பெத்தவள நாய்ன்றானுங்களா? இன்னா பாஷையோ! அம்மான்னே சொல்லச் சொல்லு" என்றாள். சிநேகிதர் அதை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தார். பையன் சிரிக்க ஆரம்பித்துவிட்டான். அவன் பாஷையில் "அமா" என்றால் அப்பாவாம்! ஒரு கிழவியை அப்பா என்று கூப்பிடச் சொல்கிறார்களே என்று அவனுக்குச் சிரிப்பு. எப்படியோ கூப்பிட்டான். கூறுக்குமேல் இரண்டு மீன் கொசுறாக விழுந்தது.

அன்று வீடு திரும்பும்போது சிநேகிதர் மற்றொன்றும் சொன்னார். தகாலோக்கில் தகப்பனாரைக் கூப்பிடும் சொல் "தாத்தாய்". அதைச் சுருக்கி "தாய்!" என்று கூப்பிடுவார்கள். ஆகக் கூடி, அவர்கள் ஊரில் அப்பா நமக்குத் தாய், அம்மா நமக்கு நாய். முன்பின் தெரியாத வயதானவர்களைக்கூட அவர்கள் இந்தச் சொற்களால்தான் கூப்பிடுகிறார்கள். நாமும் அப்படித்தானே? பஸ் கண்டக்டர் நமக்கு அண்ணன் ஆகிவிடுகிறார். கீரைக்காரி அக்கா ஆகிவிடுகிறாள். ஆளைத் தெரியாவிட்டாலும் ஒரு முறை வைத்துக் கூப்பிடாமல் நமக்கு வாய் வராது. இந்த விஷயத்தில் இரண்டு தேசத்தாரும் ஒரே வழக்கம் உடையவர்கள். அப்படியிருக்க, அந்தச் சொற்களைத் தமிழாக்குவது ரொம்பச் சுலபம் என்றுதான் அப்போது நினைத்தேன்.

அது சுலபமில்லை என்பது, சில வருஷங்களுக்கு அப்புறம், ஓர் இளம் ஆசிரியர் தாம் மொழிபெயர்த்த தகாலோக் சிறுகதை ஒன்றைப் பார்த்துக் கொடுக்கும்படி என்னிடம் தந்தபோதுதான் தெரிந்தது. அந்தக் கதைக்கு வருவதற்கு முன்னால், இந்தச் சொற்களின் பூர்வோத்தரத்தையும், நம்முடைய ராயபுரத்துக் கரைக்கும் அந்தத் தீவுக்கும் உள்ள பழைய உறவையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

தகாலோக்காரர் ஒருவர் தெருவில் தம்மைவிடக் கொஞ்சம் மூத்த ஆண்பிள்ளையைக் கூப்பிட்டால் "கூயா" என்பார். பெண்ணானால் "ஆத்தே". நம்முடைய அண்ணன், அக்கா என்று வைத்துக்கொள்ளுங்கள். வேடிக்கை என்னவென்றால் இந்த இரண்டும் தகாலோக்கில் பிறந்த சொற்களே அல்ல. சீனத்து ஹொக்கியன் பாஷையிலிருந்து வந்தவை. ஸ்பானியர்கள் 1571-ல் மணிலாவைத் தலைநகரமாக்கிக்கொண்ட பிறகு சீன வியாபாரிகள் திரளாக வந்து அங்கே தங்கினார்கள். அவர்களில் கிறிஸ்தவரானவர்களுக்காக 1594-ல் பினோந்தோ என்ற பேட்டையே உண்டாயிற்று. அவர்கள் உள்ளூர்ப் பெண்களை மணந்தார்கள். அந்தக் குடும்பங்களில் மூத்த அண்ணன் கூயா, இரண்டாமவன் தீக்கோ, மூன்றாமவன் சாங்கோ. மூத்த அக்காள் ஆத்தே, அடுத்தவள் தீத்சே, அதற்கும் அடுத்தவள் சான்சே. நம் வீடுகளில் பெரியண்ணன், நடு அண்ணன், சின்னண்ணன் என்று சொல்வது போல எண்ணிக்கையிட்டே கூப்பிட்டார்கள். இப்போது மற்றவை பெரும்பாலும் தேய்ந்துபோய், கூயாவும் ஆத்தேயும் மட்டும் தேசம் முழுவதும் பரவி நிற்கின்றன.

தாத்தா பாட்டிக்கு லோலோ, லோலா. இவை ஸ்பானியச் சொற்களின் தேய்வு. மாமன், சித்தப்பன் வகையறாவுக்குத் தீத்தோ. அத்தை, சித்தி வகையறாவுக்குத் தீத்தா. இவையும் ஸ்பானியம்தான். வண்டிக்காரர், காவல்காரர் போன்ற சற்று வயதான ஆண்களைக் கூப்பிடும் "மானோங்" என்ற சொல்லும் ஸ்பானியச் சகோதரனிலிருந்து வந்தது. பாதிரிகள் கோயிலில் சொன்ன சகோதரன் வடக்கே இலோக்கோஸ் பக்கம் போய், தலையை இழந்து, வால் முளைத்து, மானோங் ஆகித் திரும்பினான்.

இத்தனை அந்நியச் சொற்களை ஒரு ஜாதியார் தங்கள் வீட்டுக்குள்ளேயே அனுமதித்தார்களே என்று ஆச்சரியப்பட வேண்டாம். ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். எங்கள் தெருவில் அப்பாவை நைனா என்று கூப்பிடும் வீடுகள் எத்தனையோ. அது தெலுங்கு. அதிலும் அப்பாவை மட்டுமா? "இன்னா நைனா" என்று நண்பனையும் கூப்பிடுவார்கள். முஸ்லிம் பெரியவரை "பாய்" என்கிறோம். இந்துஸ்தானியில் அதற்குச் சகோதரன் என்று அர்த்தம். ஆனால் ஒரு வித்தியாசம். பாய் என்ற சொல்லைத் தமிழன் தெருவோடு நிறுத்திக்கொண்டான். சொந்த அண்ணனை அவன் பாய் என்று கூப்பிடுவதில்லை. தகாலோக்காரன் கூயாவைக் கூடத்துக்கே கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்துவிட்டான். பெண் கொடுத்துப் பெண் எடுத்தவனுக்கும் கடையில் சாமான் வாங்கினவனுக்கும் உள்ள வித்தியாசம்தான் இது.

பெண் கொடுத்த கதையில் நம் பங்கும் உண்டு. பிரிட்டனும் ஸ்பெயினும் 1762-ல் யுத்தத்தில் இறங்கின. உடனே மணிலாவைப் பிடித்துவிடுவது என்று தீர்மானித்த படை புறப்பட்ட இடம் லண்டன் அல்ல, நம்முடைய சென்னப்பட்டணம். கர்னல் வில்லியம் டிரேப்பர் தரைப்படைக்குத் தலைவர்; கப்பற்படைக்கு சாமுவேல் கார்னிஷ். ஜூலைக் கடைசியிலும் ஆகஸ்டுத் தொடக்கத்திலுமாகக் கப்பல்கள் கிளம்பின. வெள்ளைக்காரப் பட்டாளத்தோடு சுமார் 600 சிப்பாய்களும், கூலிவேலைக்கு லஸ்கர்களும் போனார்கள். அப்போது இங்கே துறைமுகம் ஏது? கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகில் ஏற்றி, அலைமேல் எகிறி எகிறித்தான் ஆளையும் பீரங்கியையும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அந்த அலையைத் தாண்டத் தெரிந்தவர்கள் இந்தக் கடற்கரைப் படகோட்டிகள் மட்டுமே. அந்தச் சமூகத்துக் கத்தோலிக்கர்கள் பிற்பாடு குடியேறிய இடம்தான், ராயப்பர் என்று தமிழில் வழங்கும் அர்ச். பீட்டரின் பெயரால் ராயபுரம் ஆயிற்று.

மணிலாக்காரர்களுக்கு யுத்தம் மூண்ட செய்தியே ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. செப்டம்பர் பிற்பகுதியில் விரிகுடாவில் கப்பல்களைப் பார்த்துத் திகைத்தார்கள். அக்டோபர் 6-ம் தேதி கோட்டை விழுந்தது. சென்னைக் கவுன்சிலைச் சேர்ந்த டாசன் டிரேக் மணிலாவுக்கு கவர்னர் ஆனார். 1764-ல் சமாதான உடன்படிக்கைப்படி ஊரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஆங்கிலேயர்கள் கிளம்பிவிட்டார்கள். ஆனால் சிப்பாய்களில் பலர் திரும்பவில்லை. மணிலாவுக்குக் கிழக்கே காயிந்தா என்ற ஊரிலும் அதன் பக்கத்துத் தைதாயிலும் தங்கி, உள்ளூர்ப் பெண்களைக் கட்டிக்கொண்டு, குடும்பம் நடத்தினார்கள். அந்தச் சிப்பாய்களின் வம்சம் நாங்கள் என்று சொல்லிக்கொள்கிறவர்கள் காயிந்தாவில் இன்றும் உண்டு.

அவர்கள் தமிழும் தெலுங்கும் இந்துஸ்தானியும் பேசியிருப்பார்கள். அந்தப் பெண்களின் அண்ணன்மாரை எப்படிக் கூப்பிட்டார்கள் என்பதை எந்த வெள்ளைக்காரரும் எழுதி வைக்கவில்லை. கதை எழுதுகிறவனுக்குத்தான் அந்தக் கவலை. மச்சான் என்று ஒருநாள் வாய் தவறி வந்திருக்காதா? காயிந்தாவில் ஒரு மாமியாரம்மாள் முற்றத்தில் நின்றிருக்க, சென்னப்பட்டணத்து மருமகன், "நாய்!" என்று முதல்முறை கூப்பிட வாயெடுத்துக் கூசி நின்றிருக்க மாட்டானா? காசிமேட்டில் அந்தப் பையனுக்கு நேர்ந்தது அங்கே தலைகீழாக நேர்ந்திருக்கும். சரித்திரத்தில் இல்லாதது, என் கற்பனை என்று தள்ளிவிடுங்கள்.

இப்போது சிறுகதைக்கு வருவோம். மணிலாத் துறைமுகத்தை ஒட்டிய தோந்தோ என்ற பேட்டையில் நடக்கிற கதை. நம்முடைய ராயபுரம், தண்டையார்ப்பேட்டை மாதிரி மூட்டை தூக்குகிறவர்களும் மில் தொழிலாளிகளும் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்கிற இடம். கிராமத்திலிருந்து ஒரு வாலிபன் அங்கே வேலைக்கு வருகிறான். ஒரு வீட்டில் குடியிருக்கிறான். வீட்டுக்காரிக்கு ஒரு மகள். இவ்வளவு சொன்னால் மீதியை நீங்களே ஊகித்துக்கொள்வீர்கள். அந்த ஊகம்தான் பிற்பாடு எங்களைத் தொல்லைப்படுத்தியது.

நம் ஆசிரியருக்குத் தகாலோக் தெரியாது. இங்கிலீஷ் வழியாகத்தான் மொழிபெயர்த்தார். இங்கிலீஷ்காரர் சில இடங்களில் முறைச்சொல்லை அப்படியே விட்டிருந்தார். சில இடங்களில் "சார்" என்று போட்டிருந்தார். பல இடங்களில் ஒன்றுமே இல்லை. இங்கிலீஷ் பாஷையில் வழிப்போக்கனை அண்ணா என்று கூப்பிட முடியாது. ஆகவே மூலத்தில் இருந்தது வழியிலேயே உதிர்ந்துபோயிற்று. நான் முதலில் செய்த காரியம், மூலக்கதையின் பிரதியை வரவழைத்து எண்ணூர் சிநேகிதரிடம் கொடுத்து, முறைச்சொல் வரும் இடங்களிலெல்லாம் பென்சிலால் கோடு போட்டுத் தரச் சொன்னதுதான். பத்துப் பக்கத்துக் கதையில் நாற்பது கோடுகள். இங்கிலீஷில் பதினொன்றுதான் தப்பியிருந்தன. அந்த நாற்பதும் தமிழில் இயல்பாக வரக்கூடியவை. நமக்கும் அவர்களுக்கும் நடுவே நின்றவர்தான் அவற்றை விழுங்கியிருந்தார்.

ஆரம்பக் காட்சி ஜீப்னி வண்டியில். அந்த வண்டியில் கண்டக்டர் கிடையாது. ஏறினவர் காசைப் பக்கத்தில் இருப்பவரிடம் நீட்ட, அது கைமாறிக் கைமாறி டிரைவரிடம் போய்ச் சேரும். நம் வாலிபன் பக்கத்திலிருப்பவரிடம், "கூயா, பாஆபோத் போ" என்கிறான். இதற்கு ஆசிரியர் எழுதியிருந்த தமிழ்: "மூத்த சகோதரரே, தயவுசெய்து இதைக் கொடுத்து உதவுங்கள்."

ஒவ்வொரு சொல்லும் சரி. ஆனால் இப்படிப் பேசுகிறவனைப் பக்கத்து ஸீட்டுக்காரர் திரும்பிப் பார்ப்பார். "சகோதரரே" என்பது மேடைக்கும் கோயிலுக்கும் உரிய சொல். "தயவுசெய்து" என்பது சுவரில் எழுதி ஒட்டுகிற சொல். நான் ஆசிரியரைத் திருவொற்றியூர் போகிற கூட்டமான பஸ் ஒன்றில் ஏறச் சொன்னேன். பின்வாசலில் நின்றுகொண்டு டிக்கெட்டுக்குக் காசு கொடுத்தனுப்புகிறவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு வரச் சொன்னேன். மறுநாள் அவர் எழுதி வந்தது: "அண்ணே, இதைக் கொஞ்சம் குடுங்க." அவ்வளவுதான். "கூயா"வுக்கு "அண்ணே" கிடைத்துவிட்டது. "போ" என்ற மரியாதைச் சொல் எங்கே என்று அவர் கேட்டார். "குடுங்க" என்பதன் வாலில் இருக்கிறதே, அதுதான் என்றேன்.

இந்த "போ"வைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அது தனிச் சொல். வாக்கியத்தில் முதல் சொல்லையோ இரண்டாவதையோ ஒட்டி வந்து உட்காரும். பெரியவரிடம் பேசும்போது அதை விட்டால் மட்டு மரியாதை தெரியாதவன் என்பார்கள். "ஆம்" என்பதற்கு "ஓஓ". மரியாதையாகச் சொன்னால் "ஓபோ". தமிழில் "ஆமாங்க" என்பதில் உள்ள "ங்க" இதற்கு அச்சில் வார்த்தது போலப் பொருந்துகிறது. ஆனால் ஆசிரியர் இதைக் கேட்டதும் உற்சாகம் தாங்காமல் எல்லா வாக்கியத்திலும் "ங்க"வை ஒட்டிவிட்டார். "இருக்குதுங்க", "வந்தேனுங்க", "அண்ணனுங்க" என்று ஆகிவிட்டது. படித்தால் தோந்தோக்காரன் பொள்ளாச்சிச் சந்தையில் மாடு பிடிக்க வந்தவன் போலப் பேசுகிறான். சென்னைப் பேச்சில் மரியாதை வினையில் ஏறினால் போதும். "சொல்லுங்க", "வாங்க", "எவ்வளவுங்க" என்பதற்கு மேல் போனால் வேறு ஜில்லா வந்துவிடும்.

அடுத்து, வாலிபன் வண்டியை நிறுத்தச் சொல்கிறான்: "மானோங், பாரா போ!" தமிழன் டிரைவரிடம் சாதாரணமாக எப்படிச் சொல்வான்? "டிரைவர், நிறுத்துப்பா" என்பான். உண்மையைச் சொன்னால் நாம் டிரைவருக்குக் கொடுக்கிற மரியாதை அவர்கள் மானோங்குக்குக் கொடுப்பதில் பாதிகூட இல்லை. இங்கே இயல்பாக இருக்கட்டும் என்று "நிறுத்துப்பா" போட்டால் அந்த வாலிபனின் குணமே மாறிவிடும். "டிரைவரண்ணே, நிறுத்துங்க" என்று போட்டோம். இப்படிப் பேசுகிற தமிழர் குறைவானாலும் இல்லாமல் இல்லை. நல்ல பிள்ளை என்று வாசகர் நினைத்துக்கொண்டால் அது கதைக்கும் சம்மதம்.

ஒரு பெரிய தப்பு இந்தக் காட்சியிலேயே இருந்தது. வண்டியில் எதிரே உட்கார்ந்திருக்கும் யாரோ ஒருவரை மூலத்தில் "மாமா" என்று குறிப்பிடுகிறார்கள். தகாலோக்கில் அதற்கு அர்த்தம் முன்பின் தெரியாத ஆண்பிள்ளை, "அந்த ஆள்" என்பதுதான். உறவே கிடையாது. இங்கிலீஷ்காரர் அதைச் சாய்வெழுத்தில் விட்டுவைத்திருந்தார். ஆசிரியர் "மாமா" என்றே தமிழில் இறக்கிவிட்டார். வாலிபனுக்கு வண்டியிலேயே ஒரு தாய்மாமன் முளைத்து, இரண்டு தெரு தாண்டியதும் கதையிலிருந்து மறைந்துபோனார். பெண் கேட்கப் போகும்போது திரும்பி வருவாரோ என்று நான்கூடக் காத்திருந்தேன்! "பெரியவர்" என்று மாற்றினோம்.

"மகனே" என்பதும் இதே ஜாதி. ஒரு கிழவர் வாலிபனை "இஹோ" என்கிறார். மகன் என்று பொருள், ஸ்பானியம், அன்பான சொல். வடசென்னையில் முகந்தெரியாதவனை ஒருவர் "மவனே" என்று கூப்பிட்டால் அடுத்த வார்த்தை அடிதடிதான். "தம்பி" என்று எழுதினோம். கிழவருக்குப் பேரன் வயதுள்ளவன் தம்பியா என்று கேட்கக் கூடாது. தமிழில் அப்படித்தான். தகாலோக்கில் தம்பி, தங்கச்சிக்கு அண்ணன், அக்காள் போலக் கூப்பிடுகிற தனிச் சொல் இல்லை. இளையவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு விடுவார்கள். நமக்கு அந்தச் சொல் இருக்கிறது. இருப்பதை ஏன் பூட்டி வைக்க வேண்டும்?

ஆனால் இந்தத் "தம்பி"யால் வந்த வினையும் ஒன்று உண்டு. ஒரு கட்டடத்தின் வாசலில் இருபது வயதுக் காவல்காரன் நிற்கிறான். எழுபது வயதுப் பாட்டி அவனிடம் போய், "கூயா" என்கிறாள். எழுபது வயசு இருபது வயசை அண்ணா என்கிறது! இது பரிகாசம் அல்ல. வேலை செய்கிறவனுக்குக் கொடுக்கிற கௌரவம் அங்கே அப்படி. தமிழில் பாட்டி அவனை "அண்ணே" என்றால் வாசகர் சிரித்துவிடுவார். "தம்பி" என்றால் சிரிப்பு இல்லை, ஆனால் கௌரவமும் போயிற்று. ஆசிரியர் "காவலரே" என்று ஓர் இடைவழி கண்டுபிடித்தார். அது போலீஸ்காரர் ஆகிவிட்டது. கடைசியில் எண்ணூர் சிநேகிதர்தான் வழி சொன்னார். "அண்ணே, பேங்கிலே வயசானவங்க என்ன சொல்றாங்க? 'தம்பி, கொஞ்சம் பாருங்க'ன்னுதானே? தம்பின்னு கீழே இறக்கி, பாருங்கன்னு மேலே ஏத்திடறாங்க." முறைச்சொல்லில் போனது வினைச்சொல்லில் திரும்ப வந்தது. "தம்பி, உள்ளே போகலாமா, சொல்லுங்க" என்று பாட்டி கேட்டாள். முழுவதும் ஈடாகவில்லை, முக்கால் ஈடாயிற்று.

பெயரோடு வரும்போது வேறு தொந்தரவு. அங்கே முறைச்சொல் முன்னால் வரும்: "ஆத்தே ரோசா", "மாங் தொமாஸ்". நமக்குப் பின்னால்தான்: ரோசாக்கா. ஆசிரியர் "அக்கா ரோசா" என்று எழுதியிருந்தார். ஒரு நொடி, அக்கா வேறு, ரோசா வேறு, இரண்டு பேர் என்று தோன்றுகிறது. ஆகவே ரோசாக்கா. மாங் தொமாஸுக்கு, ராயபுரத்துச் சுவை இருக்கட்டும் என்று நானே "தொமாஸ் அண்ணாத்தே" என்று போட்டுப் பார்த்தேன். அவர் சோகமான மனிதர். அண்ணாத்தே ஆனதும் சினிமாக் கோமாளியாகிவிட்டார். அடித்துவிட்டு "தொமாஸ் ஐயா" என்று எழுதினேன்.

இதுவரை சொன்னதெல்லாம் சில்லறை. நிஜமான கஷ்டம் வீட்டுக்காரியிடம் இருந்தது. வாலிபன் அவளைத் "தீத்தா" என்று கூப்பிடுகிறான். நண்பனின் தாயாரையோ, அக்கம்பக்கத்து அம்மாளையோ அப்படிக் கூப்பிடுவது அங்கே வழக்கம். அப்பாவின் தங்கையும் தீத்தா, அம்மாவின் தங்கையும் தீத்தா, மாமன் பெண்டாட்டியும் தீத்தா. ஒரே சொல். அவர்கள் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் "பின்சான்" என்ற ஒரே சொல். அவர்களுக்கு அது போதும், ஏனென்றால் பின்சானைக் கட்டிக்கொள்கிற வழக்கம் அங்கே இல்லை.

தமிழில் அப்படியா? அத்தை என்றால் அவள் மகள் முறைப்பெண். சித்தி என்றால் அவள் மகள் தங்கை. நாம் ஒரு சொல்லைச் சொல்லும்போதே கல்யாணக் கதவு திறக்கிறது அல்லது அடைபடுகிறது. ஆசிரியர் "அத்தை" என்று எழுதியிருந்தார். முதல் பக்கத்தில் அவன் "அத்தை, ரூம் வாடகை எவ்வளவு?" என்று கேட்டவுடனேயே தமிழ் வாசகருக்குக் கதை முடிந்துவிட்டது. பெண்ணை எப்போது கட்டப்போகிறான் என்பதுதான் பாக்கி. ஆனால் மூலக்கதையில் எட்டாம் பக்கம் வரைக்கும் அந்த எண்ணம் யாருக்கும் இல்லை. அதுதான் கதையின் அழகு. சரி, "சித்தி" என்று மாற்றுவோமா என்றார். மாற்றினால் எட்டாம் பக்கத்தில் அவன் தங்கை முறையுள்ளவளைக் காதலிக்கிறான்! வாசகர் பத்திரிகையை விட்டெறிந்துவிடுவார். "ஆன்ட்டி" இப்போது பட்டணமெங்கும் வழங்குகிறது. உறவு எதுவும் ஒட்டாத சொல். ஆனால் தோந்தோவின் கூலிக்கார வீட்டுக்கு அது பொருந்தவில்லை. வாசலில் கார் நிற்கிற வாடை அடிக்கிறது.

இரண்டு வாரம் இதிலேயே போயிற்று. பிறகு கதை சொல்கிற இடங்களில் "வீட்டுக்காரம்மா" என்றும், அவன் கூப்பிடுகிற இடங்களில் "அம்மா" என்றும் போட்டோம். முறையும் வைத்தாயிற்று, கதவும் திறக்கவில்லை, மூடவுமில்லை. ஆசிரியர் சந்தோஷமாக எடுத்துக்கொண்டு போனார்.

நாலு நாளில் திரும்பி வந்தார். கடைசிப் பக்கத்தை நாங்கள் இருவரும் மறந்துவிட்டோம். அங்கே கல்யாணம் நிச்சயமாகிறது. அதுவரை தீத்தா, தீத்தா என்று கூப்பிட்ட வாலிபன், காபித் தம்ளரை வாங்கிக்கொள்ளும்போது முதல்முறையாக "நாய்" என்று கூப்பிடுகிறான். அதாவது, அம்மா. அந்த ஊர் மருமகன் மாமியாரை அப்படித்தான் கூப்பிடுவான். அந்தச் சொல்லைக் கேட்டு அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொள்வதோடு கதை முடிகிறது. கதையே அந்த ஒரு சொல் மாற்றம்தான். நாங்களோ "அம்மா"வை முதல் பக்கத்திலேயே செலவழித்துவிட்டோம்.

"என்ன சார் செய்வது? முன்னால் இருப்பதையெல்லாம் மாற்றிவிடலாமா?" என்று கேட்டார். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். பேனாவைக்கூட எடுத்துவிட்டேன். அப்புறம், தமிழில் ஒரு பையன் அதுவரை அம்மா என்று கூப்பிட்டவளை, மருமகனானதும் எப்படிக் கூப்பிடுவான் என்று யோசித்தேன். தள்ளிவைத்த சொல் தானே வந்து நின்றது. "அத்தை."

மூலத்தில் அத்தையாக இருந்தவள் அம்மா ஆகிறாள். தமிழில் அம்மாவாக இருந்தவள் அத்தை ஆகிறாள். சொல்லுக்குச் சொல் தலைகீழ். அந்த அம்மாள் முகத்தைத் துடைத்துக்கொள்வதற்கு மட்டும் இரண்டு பாஷையிலும் ஒரே காரணம். ஆசிரியர் சிறிது நேரம் தயங்கினார். அகராதி தெரிந்தவர் யாராவது சண்டைக்கு வந்தால் என்ன சொல்வது என்றார். என்னிடம் அனுப்பிவையுங்கள் என்றேன்.

கதை அச்சுக்குப் போயிற்று. புரூப் வந்தது. கடைசிப் பக்கத்தில் "அத்தை" என்ற சொல்லுக்கு அடியில், புரூப் பார்த்தவர் சிவப்பு மையால் கோடிட்டு, ஓரத்தில் எழுதியிருந்தார்: "முன் பக்கங்களில் அம்மா என்று வருகிறது. எது சரி?"

இரண்டும் சரி என்று எழுதித் திருப்பி அனுப்பினேன்.